விழித்திருக்கிறோம், வழி கேளுங்கள்: தெருக்காவலுக்கான முழக்க வாசகம் குறித்து ஓர் ஆய்வு

இரவு ரோந்துக்குப் புறப்படும் ஊரார் தடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொள்வதைப் போலவே ஒரு வாசகத்தையும் உடன் எடுத்துச் செல்கிறார்கள். அது சுவரில் எழுதப்பட்டிருக்கலாம், வாட்ஸ்அப் குழுவின் பெயராக இருக்கலாம், கூட்டத்தில் ஒருவர் சொல்லி எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். இருட்டில் தெரியாத ஒருவர் எதிர்ப்படும்போது யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. அப்போது முதலில் வாயில் வரும் சொல்லை அந்த வாசகமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 'அந்நியர் நடமாட்டத்தைக் கவனியுங்கள்' என்று பழக்கப்பட்ட குழு அந்நியரைத் தேடும். தேடினால் யாராவது கிடைக்கவே செய்வார். ஆகவே தெருக்காவலுக்கான முழக்கத்தை விளம்பர வரியாக அல்லாமல், காவலுக்குப் போகிறவருக்குத் தரப்படும் நடைமுறை ஆணையாகவே ஆராய வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்தின் காவாந்தண்டலம் போன்ற ஓர் ஊரில் அத்தகைய முழக்கம் என்னவாக இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு மிக அருகிலுள்ள பாடம் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. 2018 ஏப்ரல், மே மாதங்களில் வடமாவட்டங்கள் முழுவதும், குழந்தைகளைக் கடத்தும் வடநாட்டுக் கும்பல்கள் ஊர்களுக்குள் புகுந்துவிட்டதாகக் குரல்பதிவுகளும் படங்களும் வாட்ஸ்அப்பில் பரவின. பல ஊர்களில் இளைஞர்கள் இரவில் கண்விழித்துக் காவல் இருக்கத் தொடங்கினர். அந்த மே மாதத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் அருகே வழி விசாரிக்க நின்றது. அவர்களில் அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைக் கண்டவர்கள் கடத்தல்காரர்கள் என்று கூச்சலிட, குடும்பத்தினர் காரில் ஏறி விலகிச் சென்றனர். ஆனால் செய்தி கைபேசி வழியே அவர்களை முந்திக்கொண்டு போனது, வழியில் கூட்டம் காரை மறித்துத் தாக்கியது. மூதாட்டி இறந்தார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அதே வாரத்தில் பழவேற்காட்டில் இன்னொருவர் இதே சந்தேகத்தின் பேரில் அடித்துக் கொல்லப்பட்டார்.

இந்நிகழ்வை அறியாமையின் விளைவு என்று மட்டும் விளக்கிவிட்டால் அதன் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். தெருக்காவலுக்கு வேண்டியதாகச் சொல்லப்படும் எல்லாமே அன்று அங்கே இருந்தன: மக்கள் விழிப்பாக இருந்தார்கள், புதியவரைக் கவனித்தார்கள், உடனே அடுத்த ஊருக்குத் தகவல் சொன்னார்கள், ஒற்றுமையாகத் திரண்டார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று. புதிதாக வந்தவரிடம் 'எங்கே போக வேண்டும்' என்று கேட்டுப் பதிலை முழுதாகக் கேட்கும் வழக்கம். அந்தக் குடும்பம் வழி கேட்கத்தான் நின்றது என்பதால், கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

அச்சத்தை முன்வைக்கும் வாசகங்கள் ஏன் தவறிப்போகின்றன என்பதற்குச் சமூக உளவியல் இரண்டு விளக்கங்களைத் தருகிறது. ஆபத்தைப் பெரிதாகச் சொல்லி, அதற்கு எதிராகத் தன்னால் இன்னதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையைத் தராத செய்தி, கேட்பவரை ஆபத்தைக் குறைக்கும் செயலுக்குத் தூண்டாமல் தன் அச்சத்தைத் தணித்துக்கொள்ளும் செயலுக்கே தள்ளுகிறது என்பது 1992-இல் கிம் விட்டே என்னும் தொடர்பியல் அறிஞர் முன்வைத்த கோட்பாட்டின் சாரம். கதவைச் சாத்திக்கொள்வதும் கண்ணில் பட்டவரை அடிப்பதும் மேலோட்டத்தில் எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டுமே அச்சத்தைத் தணித்துக்கொள்ளும் வழிகள்தாம். இன்னொரு விளக்கம் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கல்மரக் காட்டில் நடந்த சோதனையிலிருந்து கிடைப்பது. பார்வையாளர்கள் பலர் கல்மரத் துண்டுகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று வருந்தும் பலகை வைத்த பாதைகளில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 திருடுபோயின. எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை வைத்த பாதைகளில் நூற்றுக்கு 2-க்கும் குறைவே போயின. ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும் கண்ட இம்முடிவின்படி, 'எல்லோரும் திருடுகிறார்கள்' என்று அறிவிப்பது திருட்டை ஊரின் இயல்பாகவே காட்டிவிடுகிறது. 'திருட்டு பெருகிவிட்டது, உஷார்' என்று சுவரில் எழுதும் ஊரும் தன்னைப் பற்றி அதைத்தான் அறிவித்துக்கொள்கிறது.

அச்சமில்லாத வாசகம் என்பதாலேயே ஒன்று நல்ல வாசகமாகிவிடாது என்பதைத் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் காணப்படும் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்ற வரி காட்டுகிறது. பயமுறுத்தாத, இனிமையான அவ்வரி ஓர் உறவை அறிவிக்கிறதே ஒழிய, படிப்பவர் எதையும் கேட்பதற்கோ பெறுவதற்கோ உரிய செயலைச் சொல்வதில்லை. காவல்துறையினரும் பொதுமக்களும் சேர்ந்து பணியாற்றும் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பு 1993-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில், அங்கே காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் என்பவரால் தொடங்கப்பட்டது. பின்னர் அது மாநிலம் முழுவதும் பரவி, பல இடங்களில் இரவு ரோந்துக்கும் கூட்ட நெரிசலைச் சீர்செய்வதற்கும் உதவியது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபோது, அந்த அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பை நிறுவியவர் அதை மறுத்தார். அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அவ்வமைப்பைத் தடை செய்தது. குற்றச்சாட்டின் உண்மை ஒருபுறமிருக்க, மாநிலம் முழுவதும் அது உடனே நம்பப்பட்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. தன்னார்வலர் யாருக்கு நண்பர், நிலையத்துக்கா தெருவுக்கா என்ற கேள்விக்கு இருபத்தேழு ஆண்டுகளாகியும் தெளிவான விடை உருவாகியிருக்கவில்லை.

தெருவுக்கு யார் பொறுப்பு, அந்தத் தெரு யாருடையது என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் ஆயிரம் ஆண்டுப் பழமையானது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பகுதிகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததை விரிவாகக் கூறுகின்றன. பிறர் பொருளைத் திருடியவருக்கு அங்கே இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவருக்கும் இடமில்லை என்பதைப் பெருமைக்காக அக்கல்வெட்டை மேற்கோள் காட்டுகிறவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஊர்க்காவலுக்காக மக்கள் செலுத்திய பாடிகாவல் என்னும் வரியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். செலுத்தியவர் எல்லோருக்கும் சபையில் குரல் இருந்ததாகக் கொள்ள முடியாது.

தென்மாவட்டங்களில் பிற்காலத்தில் நிலவிய காவல் முறை இச்சிக்கலின் இன்னொரு முகம். ஓர் ஊர் தன் காவலரின் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் தானியமோ பணமோ கொடுக்கும். ஊரில் திருட்டு நடந்தால் காவலர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இயலாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்தால் அது திரும்பி வருவதும் உண்டு என்பதால், காவலுக்கும் மிரட்டலுக்கும் இடையிலான கோடு பல இடங்களில் மங்கியது. இதற்கு எதிராக 1896-இல் திண்டுக்கல் பகுதியில் எழுந்த இயக்கம், ஊர்கள்தோறும் பொது நிதி திரட்டிச் சொந்தக் காவலரை அமர்த்திக்கொள்ளத் தூண்டியது. தொடக்கத்தில் நியாயமான கூட்டுறவு முயற்சியாகத் தோன்றிய அது, விரைவில் காவல் செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்துப் பார்க்காமல் கள்ளர் சமூகத்தையே ஊர்களிலிருந்து விரட்டும் கலகமாக மாறி, வீடுகள் கொளுத்தப்படும் நிலைக்குப் போனது. காலனி அரசு பின்னர் அச்சமூகத்தின் ஒரு பிரிவினர்மீது குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஏவியபோது, சந்தேகம் சட்டத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. காவலைத் தன் கையில் எடுக்கும் ஊர், 'நாம் யார்' என்பதை 'அவர்கள் யார்' என்பதைக் கொண்டு வரையறுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் அரிது.

எனவே அச்சத்தை நீக்கிவிட்டு அவ்விடத்தில் 'நம் தெரு, நம் மக்கள்' என்ற உணர்வை வைத்தால் போதும் என்று சொல்வதும் அரைகுறைத் தீர்வே. ஊர்த்தெரு ஒருபுறமும் காலனி மறுபுறமுமாகப் பிரிந்து கிடக்கும் கிராமத்தில் 'நம் தெரு' என்ற சொல் சிலருக்கு அரவணைப்பாகவும் சிலருக்கு எல்லைக்கல்லாகவும் கேட்கும். 1995-இல் சிக்காகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் நேர்காணல் நடத்திய ராபர்ட் சாம்ப்சன் குழுவினர், வன்முறை குறைவான பகுதிகளை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தியது அண்டை வீட்டாரிடையிலான நம்பிக்கையும், பொது நன்மைக்காக அவர்கள் தலையிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்த கூட்டு ஆற்றல் என்று கண்டனர். பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் திரியும் பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்பது போன்றவையே அவர்கள் கேட்ட கேள்விகள். அந்நியரை மடக்குவார்களா என்பது அவற்றில் முதன்மையாக இல்லை. அதே நகரில் 1980-களில் தெருக்காவல் கூட்டங்களை ஆராய்ந்த டென்னிஸ் ரோசன்பாம், சில பகுதிகளில் இக்கூட்டங்களுக்குப் பின் மக்களின் அச்சம் குறையாமல் கூடியதாகப் பதிவு செய்தார். திருட்டுக் கதைகளைப் பரிமாறிக்கொள்ளும் கூட்டம் அச்சத்தையும் சேர்த்தே பரிமாறிக்கொள்ளும் என்பது அதை விளக்கப் போதுமானது.

இப்போது காவாந்தண்டலம் போன்ற ஊரின் இரவைக் கருதலாம். செய்யாற்றுப் படுகையிலுள்ள இவ்வட்டாரத்து ஊர்களில் பதினொரு மணிக்குப் பிறகு நடமாடுபவர்கள் யார் என்று பட்டியலிட்டால், திருடர் அதில் மிகச் சிறிய பகுதியாகவே இருப்பார். திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இரண்டாம் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் பெண்களும் இளைஞர்களும் இருப்பார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போகும் விவசாயி இருப்பார். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குக் காவல் படுப்பவர் இருப்பார். எலியும் தவளையும் பிடிக்க விளக்குடன் வரப்பில் செல்லும் இருளர் குடும்பத்தினர் இருப்பார்கள். செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ வேலை பார்க்கும், தமிழ் தெரியாத வெளிமாநிலத் தொழிலாளர் இருப்பார்கள். இவர்களில் இருளர் ஒவ்வொரு திருட்டுக்குப் பின்னும் முதலில் சந்தேகிக்கப்படும் நிலையில் தலைமுறைகளாக வாழ்பவர்கள். இந்தப் பட்டியலில் உள்ள எவரிடமும் முகம் பார்த்துச் சொல்லக்கூடியதாக வாசகம் அமைய வேண்டும் என்பதே அதற்கான முதல் சோதனை. 'அந்நியர் நடமாட்டம்' என்ற சொற்களைச் சூளைத் தொழிலாளரிடம் முகம் பார்த்துச் சொல்ல முடியாது. 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்பதைப் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணிடம் சொன்னால் அவர் இன்னும் வேகமாக நடப்பார்.

'விழித்திருக்கிறோம், வழி கேளுங்கள்' என்ற வரியை இங்கே முன்மொழியலாம். விழி, வழி என இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகை இருப்பதால் ஒரு முறை கேட்டாலே நினைவில் நிற்கும்; சிறுவர் கூடச் சுவரில் எழுதிவிடலாம். முதற்பாதி திருட வருபவருக்கும் தெரிவிக்க வேண்டியதைத் தெரிவித்துவிடுகிறது, ஆயினும் திருடன் என்ற சொல் அதில் இல்லை. இரண்டாம் பாதி படிப்பவருக்கு ஒரு செயலைத் தருவதோடு, காவலுக்கு வருபவருக்கும் ஒரு வேலையைத் தருகிறது. இருட்டில் ஆளைக் கண்டதும் 'யாரடா அது' என்று தொடங்காமல் 'எந்த வீட்டுக்குப் போகணும்ங்க' என்று தொடங்க வேண்டும், பதில் கிடைத்தால் அவ்வீடு வரை உடன் நடக்க வேண்டும். உண்மையாக வந்தவருக்கு அது உதவி; பொய் சொன்னவருக்கு, தான் சொன்ன வீட்டு வாசலில் நிற்க வேண்டிய நெருக்கடி. கடுமையான விசாரணையால் கிடைக்கும் பயன் எதுவும் இதில் குறைவதில்லை, அடிபடும் ஆபத்து மட்டுமே குறைகிறது.

வாசகம் சட்டத்தின் எல்லையையும் மீறாமல் இருக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனப்படும் 2023-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, தனிநபர் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்யலாம் என்றாலும், பிணையில் விட முடியாததும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றம் அவர் முன்னிலையிலேயே நடந்திருக்க வேண்டும், அல்லது பிடிபடுபவர் அறிவிக்கப்பட்ட குற்றவாளியாக இருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையற்ற தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைக்கவும் வேண்டும். சந்தேகத்தின் பேரில் மரத்தில் கட்டி வைக்கும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை. சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒருவரைக் கொன்றால் ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆவது பிரிவு சொல்கிறது. வழி கேட்கச் சொல்லும் வாசகம் குழுவை இந்த எல்லைக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு சந்தேகம் தீராவிட்டால் செய்ய வேண்டியது 112-க்கு அழைப்பதுதான்.

வாசகத்தின் 'விழித்திருக்கிறோம்' என்பதிலுள்ள 'ஓம்' யாரையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதை இலக்கணத்தால் தீர்க்க முடியாது. அதைத் தீர்ப்பது முறைப்பட்டியல். எடுத்துக்காட்டாக, ஊர்த்தெருக்களும் காலனியும் சேர்ந்து 120 வீடுகள் காவலில் பங்கேற்பதாகக் கொண்டால், ஓர் இரவுக்கு முன்னிரவில் இருவர், பின்னிரவில் இருவர் என நான்கு வீடுகள் போதும். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு முறைதான் முறை வரும். ஒவ்வொரு இணையிலும் ஒருவர் ஊர்த்தெருவையும் மற்றவர் காலனியையும் சேர்ந்தவராக இருந்து, இருவரும் இரு பகுதிகளிலும் நடக்க வேண்டும். இதுதான் எளிதில் நடக்காத பகுதி. சில தெருக்களில் யார் நடக்கலாம் என்ற பழைய கட்டுப்பாடு பேசப்படாமலே இருக்கும் ஊர்களில், முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே இணைகள் 'வசதிக்காக' மாற்றப்படும். அப்படி மாறத் தொடங்கினால், திட்டம் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்று கொள்ளலாம். ஆண் இல்லாத வீட்டுக்கு அபராதம் போடும் வழக்கமும் வரவே கூடாது. கடைசி பஸ் வரும் நேரத்தில் நிறுத்தத்தில் விளக்குடன் இருப்பதும், தொலைபேசியைக் கவனிப்பதும், நோட்டை எழுதுவதும் காவல் பணிகளே, அவற்றைப் பெண்கள் தம் முறையாக ஏற்கலாம்.

அந்த நோட்டு இந்த ஏற்பாட்டின் உயிர். தேதி, நேரம், இடம், என்ன கேட்கப்பட்டது, என்ன செய்யப்பட்டது ஆகியவை மட்டும் அதில் எழுதப்பட வேண்டும். சாதியோ 'பார்க்கச் சரியில்லை' போன்ற கருத்தோ எழுதப்படக் கூடாது. மாத முடிவில் அதைப் படித்தால் குழு எத்திசையில் போகிறது என்பது தெரிந்துவிடும். வீடு வரை உடன் நடந்ததும், எரியாத தெருவிளக்கும், அவிழ்ந்த மாட்டைக் கட்டியதும் பெரும்பாலான பதிவுகளாக இருந்தால் வாசகம் வேலை செய்கிறது. நிறுத்தப்பட்டவர்கள் மீண்டும் மீண்டும் ஒரே குடியிருப்பினராகவோ ஒரே சூளையினராகவோ இருந்தால், சுவரில் என்ன எழுதியிருந்தாலும் காவலர் மனத்தில் வேறு வாசகம் ஓடுகிறது என்று பொருள். வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே விதி பொருந்தும்: தானே கண்டதை, கண்ட இடத்தோடும் நேரத்தோடும் மட்டும் சொல்லலாம், வெளியிலிருந்து வந்த குரல்பதிவையும், எந்த மனிதரின் படத்தையும் போடக் கூடாது. அத்திமூர் வழியே செய்தி காரைவிட வேகமாக ஓடியபோது இந்த இரு தடைகளில் ஒன்றுகூட இருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு திருட்டு எவ்வளவு குறையும் என்று கேட்டால், பெரிய வாக்குறுதி தர இயலாது. பல நாடுகளின் தெருக்காவல் திட்டங்களைத் தொகுத்து ட்ரெவர் பென்னட் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஒப்பீட்டுப் பகுதிகளைவிடக் குற்றம் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. ஆயினும் திட்டங்களுக்கிடையே பெரும் வேறுபாடு இருந்தது, குறைவுக்குக் காரணம் எது என்பதும் உறுதியாகவில்லை. அவை பெரும்பாலும் மேலை நாட்டுக் குடியிருப்புகளைப் பற்றியவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆடும் மோட்டார் ஒயரும் வண்டியும் களவு போகும் ஊரில், பூட்டும் தெருவிளக்கும் முழக்கத்தைவிட அதிகம் உதவலாம். முழக்கம் செய்யக்கூடியது வேறு: காவலுக்குப் போகிறவர்கள் இன்னொருவருக்கு ஆபத்தாக மாறாமல் தடுக்க அதனால் முடியும்.

ஆண்டுக்குப் பல முறை கூடும் கிராம சபையில் இத்தகைய வாசகத்தையும் முறைப்பட்டியலையும் சேர்த்தே தீர்மானமாக வைக்கலாம். பட்டியலை ஏற்காமல் வாசகத்தை மட்டும் ஏற்கும் சபைக்கு வாசகத்தால் பயனில்லை. காலனியின் பெயர்களும் இருளர் குடும்பங்களின் பெயர்களும் முறைப்பட்டியலில் சேரும்வரை சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.